புது போன் வந்ததும் பழைய போனை வங்கி ஏன் மறக்கிறது?

புது போன் வாங்கினால் பழைய போனில் இருந்ததையெல்லாம் ஒரு கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ கொஞ்ச நேரத்தில் இடம் மாற்றிவிடலாம். புகைப்படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் வந்துவிடும். வங்கிச் செயலியின் சின்னமும் திரையில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் அதைத் திறந்தால் நம்மை முன்பின் பார்த்திராததுபோல் மொபைல் எண்ணைக் கேட்கும், சிம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், ஒரு எஸ்எம்எஸ் அனுப்பவும் அனுமதி கேட்கும். அதையெல்லாம் முடித்துவிட்டுப் பழைய போனை எடுத்தால், நேற்றுவரை பணம் அனுப்பிய அதே செயலி அங்கே வேலை செய்ய மறுக்கும்.

இதைக் கோளாறு என்று எண்ணி வங்கிக் கிளையில் போய் நிற்பவர்கள் உண்டு. உண்மையில் கணக்கைப் பாதுகாக்கும் ஏற்பாடே இதுதான். ஒரு வாடிக்கையாளரின் கணக்கை ஒரு குறிப்பிட்ட எண்ணோடும் ஒரு குறிப்பிட்ட கருவியோடும் சேர்த்துக் கட்டிவிடும் இந்த வேலையை வங்கித் துறையில் டிவைஸ் பைண்டிங் என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், போன் மாற்றும்போது வரும் தடங்கல்களில் பெரும்பாலானவற்றின் காரணம் தானாக விளங்கிவிடும். இந்தியாவில் மிகுதியாகப் பயன்படும் யுபிஐ முறையை வைத்தே அதைப் பார்ப்போம்.

நான்கு இலக்கம் போதுமா?

தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் (என்பிசிஐ) 2016இல் யுபிஐயைக் கொண்டுவந்தது. அதில் பணம் அனுப்ப நாம் தட்டுவது 4 அல்லது 6 இலக்க பின் எண் மட்டும்தான். நான்கு இலக்கத்தில் அமையக்கூடிய எண்கள் மொத்தமே 10,000. கடைக்காரர் எதிரிலும் பேருந்து நெரிசலிலும் தட்டும் எண் அது; பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படுவதற்கும் வாய்ப்பு அதிகம். இவ்வளவு எளிய எண்ணை நம்பி ஒரு வங்கி எப்படிப் பணத்தை விடுவிக்கிறது?

அந்த எண்ணை மட்டும் நம்பி விடுவதில்லை என்பதுதான் பதில். மின்னணுப் பணப்பரிமாற்றத்துக்கு இரண்டு வகைச் சான்றுகள் வேண்டும் என்பது இங்கே நடைமுறையில் உள்ள விதி. ஒன்று, நமக்கு மட்டும் தெரிந்தது. இன்னொன்று, நம் கையில் மட்டும் இருப்பது. ஏடிஎம்மில் அட்டை கையில் இருப்பது, பின் தெரிந்தது. யுபிஐயில் அட்டையின் இடத்தைப் போனே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பின் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது பதிவான போனிலிருந்து வந்திருக்கவும் வேண்டும். வேறு எவருடைய போனில் உங்கள் பின்னைத் தட்டினாலும் உங்கள் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட நகராது.

இதைச் சரிபார்ப்பதற்காக, ஒவ்வொரு யுபிஐ கோரிக்கையும் போனைப் பற்றிய விவரங்களைத் தன்னோடு சுமந்து செல்கிறது. மொபைல் எண், கருவிக்கான தனி அடையாளம், எந்தச் செயலி, எந்த இயங்குதளம், இணைய முகவரி, இருப்பிடம் ஆகியவை அதில் இருக்கும். பதிவு செய்தபோது குறித்துவைத்த எண்ணும் கருவியும் இப்போது வந்திருப்பவையும் பொருந்துகின்றனவா என்று மறுமுனை பார்க்கும். பொருந்தாவிட்டால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

வெளியே போகும் எஸ்எம்எஸ்

இந்தக் கட்டு முதலில் எப்படிப் போடப்படுகிறது? ஓடிபி என்றால் வங்கியிடமிருந்து நமக்கு எஸ்எம்எஸ் வரும். போனைப் பதிவு செய்யும்போது நடப்பது நேர் எதிரானது: நம் போனிலிருந்து எஸ்எம்எஸ் வெளியே போகிறது.

செயலியில் எண்ணைக் கொடுத்துச் சிம்மைத் தேர்ந்தெடுத்ததும், அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லுபடியாகும் நீண்ட எழுத்துக்கோவை ஒன்று உருவாகிறது. வாசித்தால் நமக்கு ஒன்றும் புரியாது. எழுத்தும் எண்ணும் கலந்து கிடக்கும். அந்தக் கோவையைச் செயலி நம் சிம்மின் வழியாக, செய்தி பெறுவதற்கென்றே வைத்திருக்கும் ஒரு எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்புகிறது. மறுமுனையில் அது இரண்டு தகவல்களோடு போய்ச் சேரும். ஒன்று அந்தக் கோவை. இது எந்தப் போனில் திறந்திருக்கும் செயலி என்பதைச் சொல்லும். மற்றொன்று அனுப்பியவரின் எண். நாம் தட்டிக் கொடுத்த எண்ணை அங்கே யாரும் நம்புவதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு செய்தியின் மேல் குறித்து அனுப்பும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். இரண்டும் கைக்குக் கிடைத்ததும் ‘இந்த எண்ணின் சிம் இந்தப் போனில் இருக்கிறது’ என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

ஓடிபியை இதற்குப் பயன்படுத்தாததற்குக் காரணம் உண்டு. ஓடிபி நம் போனுக்கு வந்தாலும் அதை யாரிடமும் வாயால் சொல்லிவிட முடியும். ஊர்விட்டு ஊர் இருப்பவர் அதைத் தன் போனில் தட்டிக்கொள்ளலாம். சிம் தன் போனில் இல்லாத ஒருவரால், அந்தச் சிம்மின் பெயரில் எஸ்எம்எஸ் அனுப்புவது அவ்வளவு எளிதல்ல.

ஆண்ட்ராய்டில் நாம் அனுமதி கொடுத்தால் செயலியே இந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பிவிடும். ஐபோனில் நமக்குத் தெரியாமல் எந்தச் செயலியும் எஸ்எம்எஸ் அனுப்ப ஆப்பிள் விடுவதில்லை. அதனால் அங்கே செய்தி எழுதும் திரை திறந்து, அந்தக் கோவை முன்னதாகவே நிரம்பியிருக்கும். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பும் பொத்தானை நாம் அழுத்த வேண்டும். வங்கிகளின் சொந்தச் செயலிகளும் இதே வழிக்கு வந்துவிட்டன. பாரத ஸ்டேட் வங்கி 2021இல் தன் யோனோ செயலிகளில் சிம் பைண்டிங்கைக் கொண்டுவந்தபோது, வங்கியில் பதிந்த எண்ணின் சிம் இருக்கும் போனில்தான் செயலி வேலை செய்யும் என்று ஆனது.

நகலெடுக்க முடியாத பகுதி

எஸ்எம்எஸ் ஒரு முறைதான் போகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே போன்தான் என்பதை எப்படி உறுதிசெய்வது? பதிவு முடிந்ததும் செயலிக்கும் மறுமுனைக்கும் இடையே ரகசியச் சாவிகள் ஏற்படுத்தப்படுகின்றன. போனின் பங்குக்கான சாவி, கோப்பு வைக்கும் வழக்கமான இடத்தில் கிடப்பதில்லை. ஆண்ட்ராய்டில் கீஸ்டோர், ஐபோனில் கீசெயின் எனப்படும் பாதுகாப்புப் பெட்டகங்கள் இதற்கென இருக்கின்றன. செயலி அந்தச் சாவியைப் பயன்படுத்தச் சொல்லலாம். ஆனால் இன்னொரு போனுக்குப் போகக் கூடாது என்ற குறிப்போடு உள்ளே வைத்ததை வெளியே எடுத்துச் செல்ல முடியாது.

கருவியின் அடையாள எண்ணும் அப்படியே. முன்பெல்லாம் போனின் ஐஎம்இஐ எண்ணைச் செயலிகள் படித்துவிடும். ஆண்ட்ராய்டு 10 வந்த பிறகு சாதாரணச் செயலிகளுக்கு அந்த அனுமதி இல்லை. இப்போது ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு போனிலும் வெவ்வேறாக அமையும் ஓர் அடையாளத்தை இயங்குதளமே தருகிறது. போனை முழுவதுமாக அழித்து அமைத்தால் அந்த அடையாளமும் மாறிவிடும். போனை ‘ரீசெட்’ செய்த பிறகு, அதே போன், அதே சிம் என்றாலும் செயலி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது இதனால்தான்.

ஆகவே கேபிள் வழியாகப் புது போனுக்கு வருவது செயலி மட்டும்தான்; சாவியும் அடையாளமும் பழைய போனிலேயே தங்கிவிடுகின்றன. அவையும் நகலாகி வருமென்றால், உங்கள் போனை ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்த எவரும் உங்கள் வங்கிக் கணக்கையும் நகலெடுத்துக்கொண்டு போயிருப்பார்.

ஒரு வார இறுதியில் நடப்பது

இனி, போன் மாற்றும் ஒருவரைப் பின்தொடர்ந்து பார்ப்போம். ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இரண்டு எண்கள். முதல் சிம் இணையத்துக்கு. இரண்டாவது சிம் வங்கியில் பதிந்த எண். வெள்ளிக்கிழமை மாலை புது ஆண்ட்ராய்டு போன் வாங்குகிறார். வங்கி எண்ணை இ-சிம்மாக மாற்றிவிடலாம் என்று கடையில் சொல்ல, அவரும் சம்மதிக்கிறார். இரவுக்குள் இ-சிம் வந்துவிடுகிறது. அழைப்புகள் வருகின்றன, போகின்றன. ஆனால் யுபிஐ செயலி எத்தனை முறை முயன்றாலும் எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை என்றே சொல்கிறது.

தவறு செயலியில் இல்லை. சிம் மாற்றப்பட்டால் அந்த எண்ணுக்கு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் கூடாது, வரவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை கட்டுப்பாடு வைத்திருக்கிறது. திருட்டுத்தனமாக நகல் சிம் வாங்குபவர் உடனே வங்கிக் கணக்கைப் பிடித்துவிடாமல் இருக்க வைத்த தடை அது. சிம் அட்டையை இ-சிம்மாக்குவதும் சிம் மாற்றம்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: அந்த எண்ணிலிருந்து வீட்டில் ஒருவருக்குச் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்க வேண்டும். அது போகவில்லை என்றால் வங்கியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. சிம் புதியதாகவோ, எஸ்எம்எஸ் அனுப்பப் போதிய இருப்பு இல்லாததாகவோ இருக்கும். வரம்பில்லா அழைப்புத் திட்டத்தில் இருந்தாலும், எஸ்எம்எஸ் இல்லாத ரீசார்ஜ் திட்டம் என்றால் இதே தடங்கல் வரும்.

சனிக்கிழமை இரவு எஸ்எம்எஸ் போகத் தொடங்கிவிட்டது. செயலி எந்தச் சிம் என்று கேட்கிறது. அவர் பழக்கத்தில் முதல் சிம்மைத் தொட்டுவிடுகிறார். எண் சரிபார்ப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் இந்த எண்ணில் கணக்கே இல்லை என்கிறது. கணக்கு எங்கும் போய்விடவில்லை. வங்கியில் பதிந்த எண்ணைக் கொண்டுதான் கணக்கைத் தேடுகிறார்கள். அவர் அனுப்பியது வேறு எண்ணிலிருந்து. திரும்பப் போய் இரண்டாவது சிம்மைத் தேர்ந்தெடுத்ததும் கணக்கு உடனே வந்து நிற்கிறது.

பின் எண்ணை அவர் புதிதாக அமைக்க வேண்டியதில்லை. யுபிஐ பின் போனில் இருப்பதில்லை. கணக்கு உள்ள வங்கியிடம்தான் இருக்கிறது. எனவே பழைய பின்னே புது போனிலும் செல்லும். மறந்துபோயிருந்தால் மட்டும் டெபிட் அட்டையின் கடைசி 6 இலக்கங்களையும் காலாவதி மாதம், ஆண்டையும் கொடுத்தோ, வங்கி அனுமதித்தால் ஆதார் ஓடிபி வழியாகவோ புதிய பின் அமைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று மகளின் கல்லூரிக் கட்டணம் ₹18,000 செலுத்தப் போகிறார். மறுபடி மறுப்பு. புது போனிலோ புது சிம்மிலோ பதிவு செய்தால், முதல் 24 மணி நேரத்துக்கு ₹5,000க்கு மேல் அனுப்ப முடியாதபடி வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஐபோன் என்றால் பல வங்கிகளில் இந்தக் கட்டுப்பாடு 72 மணி நேரம் நீடிக்கும். ஒருவேளை பதிவு செய்தது திருடன் என்றால், உண்மையான உரிமையாளர் விழித்துக்கொண்டு வங்கிக்குத் தகவல் சொல்ல அந்த நேரம் உதவும். ஆசிரியையின் கட்டணம் ஞாயிறு இரவில்தான் போகிறது. அவர் சிம் அட்டையை மாற்றாமல் அப்படியே கழற்றிப் புது போனில் போட்டிருந்தால் முதல் நாள் காத்திருப்பு இருந்திருக்காது. சனிக்கிழமை மாலையோடு வேலை முடிந்திருக்கும்.

பழைய போனில் நடப்பது என்ன?

புது போன் பதிவானதும் பழைய போனுக்கு யாரும் போய் எதையும் அழிப்பதில்லை. செயலி அங்கேயே இருக்கிறது. அதன் சாவியும் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. மாற்றம் நடந்தது மறுமுனையின் பதிவேட்டில். ஒரு செயலியில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு கருவி என்ற இடத்தில், பழைய கருவியின் விவரத்துக்குப் பதில் புதியதன் விவரம் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் பூட்டை மாற்றிய பிறகு பழைய சாவி நம் கையில் இருந்தும் கதவு திறக்காததுபோலத்தான். பழைய போன் அடுத்த முறை கோரிக்கை அனுப்பும்போது அடையாளம் பொருந்தாமல் போகிறது. வேறு கருவியில் பதிவாகியுள்ளது என்ற வகையில் ஒரு செய்தி வந்து, மறுபடி பதிவு செய்யச் சொல்கிறது. அங்கே மறுபடி பதிவு செய்தால், இப்போது புது போன் வெளியேறிவிடும்.

ஒரே நேரத்தில் இரண்டு போன்களிலும் விட்டால் என்ன குறை? திருடன் ஒருவன் ஏமாற்றி உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்துகொண்டான் என்று வையுங்கள். இரண்டு கருவிகள் அனுமதிக்கப்பட்டால் உங்கள் போன் வழக்கம்போல் வேலை செய்துகொண்டே இருக்கும். உங்களுக்கு எதுவும் தெரியாது. ஒன்றுக்குத்தான் இடம் என்பதால், அவன் உள்ளே நுழைந்த கணத்தில் உங்கள் செயலி வெளியே தள்ளப்படுகிறது. காரணமில்லாமல் செயலி உங்களை மறுபடி பதிவு செய்யச் சொன்னால் அதை எரிச்சலூட்டும் தொல்லையாக எடுத்துக்கொள்ளாமல், உடனே வங்கியை அழைக்க வேண்டும் என்பது இதனால்தான். ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை அனுமதிக்கும் வங்கிகளும் உண்டு. அவை ஒவ்வொரு புதுக் கருவிப் பதிவையும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல், அழைப்பு போன்ற பல வழிகளில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், வேண்டாத கருவியை நீக்கும் வசதியும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் அறிவுறுத்தியது.

ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் பதிவேடு ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. பழைய போனில் மூன்று யுபிஐ செயலிகள் இருந்து, புது போனில் ஒன்றை மட்டும் பதிந்தால், மற்ற இரண்டின் கட்டு பழைய போனோடுதான் இருக்கும். சிம்மைக் கழற்றியதும் சில செயலிகள் அதைக் கண்டுபிடித்து நின்றுவிடும். எல்லாம் அப்படி உடனே நிற்கும் என்று சொல்வதற்கில்லை. எனவே பழைய போனைக் கைமாற்றும் முன் ஒவ்வொரு செயலியிலும் வெளியேறி, பிறகு போனை முழுவதும் அழித்துவிட வேண்டும்.

யுபிஐ லைட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. சிறு தொகைகளைப் பின் தட்டாமலே அனுப்பும் வசதி அது. பின் இல்லாத இடத்தில் போன் மட்டுமே சான்று என்பதால், அதில் ஏற்றிய இருப்பு அந்தப் போனோடு கட்டுண்டது. புது போனில் அது தானாகத் தோன்றாது. மாறுவதற்கு முன் பழைய போனிலேயே லைட்டை நிறுத்தினால் மீதித் தொகை கணக்குக்குத் திரும்பிவிடும்.

இந்த ஏற்பாடு தோற்கும் இடங்கள்

எஸ்எம்எஸ் ஒரு முறைதான் தேவை என்று பார்த்தோம். போன் தொலையும்போது இதுவே ஆபத்தாகிறது. போன் திருடுபோனதும் பலர் சிம்மை மட்டும் முடக்கிவிட்டு நிம்மதியாகிறார்கள். ஆனால் கட்டு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. முடக்கிய சிம் துளையிலேயே இருக்க, போனை வைஃபையில் இணைத்தால் செயலி இயங்க வாய்ப்பு உண்டு. பிறகு பணத்துக்குக் காவல் திரைப்பூட்டும் அந்த நான்கு இலக்கமும் மட்டுமே. ஆகவே சிம்மை முடக்குவதோடு வங்கியை அழைத்து யுபிஐயையும் மொபைல் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

மற்றொரு ஓட்டை மனிதர்கள் வழியாக வருகிறது. பணத்தைத் திருப்பித் தருவதாகவோ கேஒய்சி புதுப்பிப்பதாகவோ சொல்லி ஒருவர் அழைப்பார். தலையும் காலும் புரியாத ஓர் எழுத்துக்கோவையை அனுப்பி, ‘இதை அப்படியே இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்பார். ஓடிபி எதையும் கேட்கவில்லையே என்று நாமும் அனுப்பிவிடுவோம். அந்தக் கோவை அவருடைய போனில் திறந்திருக்கும் செயலி உருவாக்கியது. அது நம் சிம்மிலிருந்து போனதும், நம் எண் அவருடைய போனோடு கட்டப்பட்டுவிடும். அடுத்து டெபிட் அட்டை விவரத்தையும் ஓடிபியையும் கேட்டு வாங்கினால் புது பின் அமைத்துக் கணக்கைக் காலி செய்துவிடலாம். சிம் இந்தப் போனில் இருக்கிறது என்று எஸ்எம்எஸ் தரும் சான்றைப் பொய்யாக்க, நம் கையாலேயே அனுப்ப வைக்கும் இந்தத் தந்திரம் போதும்.

ஆகவே போன் மாற்றும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: பழைய போனில் யுபிஐ லைட்டை நிறுத்துங்கள், சிம்மை மாற்றாமல் அட்டையை அப்படியே புது போனில் போடுங்கள், ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள், செயலியை அதிகாரப்பூர்வ ஸ்டோரிலிருந்து இறக்கிச் சரியான சிம்மைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள், பெரிய தொகை எதையும் அந்த முதல் நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய போனில் எந்த வங்கிச் செயலியும் வேலை செய்யவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே அந்தப் போனை அழித்து விற்றுவிடுங்கள். பொருள் புரியாத எழுத்துக்கோவை ஒன்றை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பச் சொல்லி யார் அழைத்தாலும், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.